மழைநீர்த் தொட்டி எத்தனை லிட்டருக்குக் கட்டுவது?

"மொட்டை மாடி 80 சதுர மீட்டர். எங்கள் பக்கம் வருடத்துக்குச் சராசரி 900 மில்லிமீட்டர் மழை. வீட்டில் நான்கு பேர். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 100 லிட்டர் மழைத் தண்ணீர் இருந்தால் போதும். ஒருவர் 5,000 லிட்டர் தொட்டி தாராளம் என்கிறார், இன்னொருவர் 50,000 கட்டச் சொல்கிறார். மாதவாரி மழை அளவும் கொடுத்திருக்கிறேன். எப்படிக் கணக்குப் போடுவது?"

மாதவாரி அளவையும் சேர்த்துக் கொடுத்தது நல்லதாயிற்று. அது இல்லாமல் இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, சொன்னால் அது குத்துமதிப்புதான். உங்களுக்குச் சொன்ன இரண்டு பேரும் எங்கே தவறினார்கள் என்பதும் அதில்தான் இருக்கிறது. 50,000 என்றவர், வருடம் முழுக்க உங்கள் மாடியில் விழுகிற தண்ணீரைக் கணக்குப் போட்டு, அத்தனையையும் பிடித்து வைக்கச் சொல்கிறார். ஆனால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்போது நீங்களும் செலவழித்துக்கொண்டேதான் இருப்பீர்கள். 5,000 என்றவர், 50 நாள் மழை இல்லாமல் போனால் தாங்கும் என்று நினைத்திருப்பார். உங்கள் பட்டியலைப் பார்த்தால் வறண்ட காலம் 50 நாளோடு முடிவதில்லை.

அடிப்படைக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். 80 சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் 80 லிட்டர். அதில் எல்லாமே தொட்டிக்கு வந்து சேராது. கான்கிரீட் தளம் கொஞ்சம் உறிஞ்சும், பள்ளங்களில் தேங்குவது ஆவியாகும், குழாய் வாயில் கொஞ்சம் சிதறும், முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை நாமே வெளியே விடுவோம். இதற்கெல்லாம் சேர்த்து கான்கிரீட் தளத்துக்கு 0.8 என்று பெருக்குவது வழக்கம். உலோகத் தகடு வேய்ந்த கூரை என்றால் 0.9 வரை வைக்கலாம், ஓட்டுக் கூரைக்குக் கொஞ்சம் குறைவு. ஆக உங்களுக்கு 80 × 0.8 = 64. ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 64 லிட்டர். இந்த ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கணக்கு முழுக்க இதை வைத்துத்தான்.

கணக்குக்குள் போகும் முன் அந்த 80 சதுர மீட்டரை ஒருமுறை சோதித்துவிடுங்கள். பரப்பு என்றால் மேலிருந்து நேர்கீழாகப் பார்க்கும்போது தெரிகிற பரப்பு. சாய்வுக் கூரை வைத்திருப்பவர்கள் சாய்வின் மேல் டேப் வைத்து அளந்துவிடுகிறார்கள். 30 டிகிரி சாய்வு என்றால் அப்படி அளப்பது உண்மையைவிட 15 சதவீதம் கூடுதலாகக் காட்டும். மழை நேர்கீழாக விழுவதால் கூரையின் நிழல் அளவு எவ்வளவோ அவ்வளவுதான் பிடிபடும். மொட்டை மாடியில் இந்தச் சிக்கல் இல்லை, வேறொன்று இருக்கிறது. என் வீட்டு மாடி 92 சதுர மீட்டர், முதலில் கணக்கும் அதற்கே போட்டேன். தொட்டி நான் எதிர்பார்த்த வேகத்தில் நிறையவே இல்லை. ஒருநாள் ராத்திரி நல்ல மழை விட்டதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போனேன். படிக்கட்டு அறைக்குப் பின்னால் இருந்த தண்ணீர் முழுக்க, தொட்டிக்குப் போகிற குழாய்ப் பக்கம் வராமல் எதிர் மூலையில் இருந்த இன்னொரு ஓட்டை வழியாகத் தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தளம் போட்டபோதே வாட்டம் இரண்டு பக்கமாக வைத்துவிட்டார்கள், நான் கவனித்ததே இல்லை. தொட்டிக்கு வந்தது 60 சதுர மீட்டரின் தண்ணீர்தான். அதனால் ஒரு மழைக்கு, இல்லாவிட்டால் நாலு வாளி தண்ணீரை ஊற்றியாவது, எது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, தொட்டிக் குழாய்க்கு வருகிற பகுதியை மட்டும் அளந்துகொள்ளுங்கள். உங்கள் 80 அப்படி அளந்ததுதான் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

சரி, இப்போது மாதக் கணக்கு. ஒரு நாளைக்கு 100 லிட்டர், மாதத்துக்கு 30 நாள், ஆக மாதச் செலவு 3,000 லிட்டர். நீங்கள் கொடுத்த மழையை 64 ஆல் பெருக்கி, அதிலிருந்து 3,000 கழித்திருக்கிறேன். ஜனவரியில் தொடங்காமல் மழை வலுக்கிற ஜூலையில் தொடங்கியிருக்கிறேன். அப்போதுதான் சேமிக்கிற காலமும் செலவழிக்கிற காலமும் உடையாமல் வரிசையாக வரும்.

| மாதம் | மழை (மி.மீ.) | வரும் நீர் (லிட்டர்) | மிச்சம் அல்லது குறை |
|---|---|---|---|
| ஜூலை | 80 | 5,120 | +2,120 |
| ஆகஸ்ட் | 110 | 7,040 | +4,040 |
| செப்டம்பர் | 120 | 7,680 | +4,680 |
| அக்டோபர் | 200 | 12,800 | +9,800 |
| நவம்பர் | 160 | 10,240 | +7,240 |
| டிசம்பர் | 60 | 3,840 | +840 |
| ஜனவரி | 15 | 960 | −2,040 |
| பிப்ரவரி | 10 | 640 | −2,360 |
| மார்ச் | 10 | 640 | −2,360 |
| ஏப்ரல் | 25 | 1,600 | −1,400 |
| மே | 50 | 3,200 | +200 |
| ஜூன் | 60 | 3,840 | +840 |

கடைசிப் பத்தியை மட்டும் பாருங்கள். கூட்டல் குறி இருக்கிற மாதத்தில் வருவது செலவை மிஞ்சுகிறது, தொட்டி ஏறும். கழித்தல் குறி இருக்கிற மாதத்தில் தொட்டியிலிருந்து எடுக்கிறீர்கள். தொடர்ந்து கழித்தல் வருகிற மாதங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அந்த நான்கையும் கூட்டினால் 8,160 லிட்டர். டிசம்பர் கடைசியில் தொட்டியில் 8,160 லிட்டர் இருந்தால் ஏப்ரல் முடியும்வரை இழுத்துவிடலாம், மே மாதத்திலிருந்து மழையே செலவைப் பார்த்துக்கொள்ளும். சராசரி வருடத்துக்கு உங்கள் தொட்டியின் அளவு இதுதான். அதைவிடப் பெரிதாகக் கட்டினால் மேலே நிற்கிற தண்ணீர் வருடம் முழுக்கத் தொடப்படாமல் அப்படியே இருக்கும். சிறிதாகக் கட்டினால் குறைகிற ஒவ்வொரு 100 லிட்டருக்கும் ஒரு நாள் வறட்சி. 5,000 லிட்டர் கட்டியிருந்தால் 3,160 லிட்டர் குறைந்து, ஏறக்குறைய ஒரு மாதம் தொட்டி காலியாகக் கிடக்கும். வரவையும் செலவையும் மாதம் மாதமாக எதிரெதிரே வைத்துப் பார்க்கிற இந்த முறை புதிதல்ல, நீர்த்தேக்கங்களின் கொள்ளளவைக் கணக்கிட 1883ல் ரிப்பிள் என்ற பொறியாளர் வெளியிட்டதன் சின்ன வடிவம்தான்.

வருட மொத்தத்தை வைத்து மட்டும் ஏன் தொட்டி அளவு சொல்ல முடியாது என்பதற்கு, இதே 900 மில்லிமீட்டரை வேறு மாதிரி விழ வைத்துப் பாருங்கள். மாதம் தவறாமல் 75 மில்லிமீட்டர் பெய்கிற இடம் என்றால் மாதா மாதம் 4,800 லிட்டர் வரும், செலவு 3,000. எந்த மாதமும் குறையே இல்லை. அங்கே தொட்டி, இரண்டு மழைக்கு நடுவில் வருகிற நீண்ட இடைவெளியைத் தாண்டினால் போதும். அந்த இடைவெளி 20 நாள் என்றால் 2,000 லிட்டர் தொட்டி. இன்னொரு இடத்தில் அதே 900 மில்லிமீட்டரும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது, மற்ற எட்டு மாதமும் வானம் திறப்பதே இல்லை என்றால், 8 × 3,000 = 24,000 லிட்டர் வேண்டும். மாடி அதே மாடி, மழை அதே மழை, வீட்டில் அதே நான்கு பேர். தொட்டி மட்டும் 2,000, 8,160, 24,000 என்று மாறுகிறது. அதனால்தான் பக்கத்து வட்டாரத்தில் ஒருவர் வைத்திருக்கிற தொட்டியைப் பார்த்து நாமும் அதே அளவு வைப்பது ஆபத்து.

செலவு கூடினால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இதில்தான். நாளைக்கு 100 லிட்டரை 150 ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், துணி அலசவும் இதையே எடுக்கலாம் என்று தோன்றும். செலவு ஒன்றரை மடங்குதான், தொட்டியும் ஒன்றரை மடங்கு போதும் என்று மனசு சொல்லும். கணக்கு அப்படி வராது. மாதத்துக்கு 4,500 கழித்துப் பாருங்கள். டிசம்பரும் குறை மாதமாகிவிடும், மே, ஜூன் இரண்டும் குறை மாதமாகிவிடும். நான்கு மாதப் பற்றாக்குறை ஏழு மாதமாக நீளும், ஒவ்வொரு மாதக் குறையும் பெரிதாகும். கூட்டினால் 16,780 லிட்டர், இரண்டு மடங்குக்கும் மேல். நாளைக்கு 160 லிட்டர் வரை போனால் வருடம் முழுக்க வருகிற 57,600 லிட்டரும் செலவாகிவிடும். அதற்கு மேல் எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் பயனில்லை, மாடி அவ்வளவுதான் கொடுக்கும். ஆகவே தொட்டி கட்டும் முன் ஒரு வாரம் உண்மையிலேயே எத்தனை குடம், எத்தனை வாளி போகிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். 100 என்று நினைத்தது 130 ஆக இருக்க நிறையவே வாய்ப்புண்டு.

இதுவரை போட்டது சராசரிக் கணக்கு. சராசரியை நம்பித் தொட்டி கட்டக் கூடாது, இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் ஜனவரிக்கு 15 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. பத்து வருடக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஒன்பது ஜனவரியில் ஏதோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூறியிருக்கும், பத்தாவது ஜனவரியில் ஒரு புயல் மழை வந்து 140 கொட்டியிருக்கும். பத்தால் வகுத்தால் 15 வந்துவிடும். அந்த 15 மில்லிமீட்டர் எந்த வருடமும் பெய்யாத மழை. வறண்ட மாதங்களின் சராசரி பெரும்பாலும் இப்படித்தான் உண்மையைவிட அழகாகத் தெரியும். அதனால் அருகிலுள்ள மழைமானி நிலையத்தின் பழைய கணக்கு, முடிந்தால் 20 வருடத்துக்கு, நாள்வாரியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் மொத்த மழையை மட்டும் பார்த்து மோசமான வருடத்தைத் தேடாதீர்கள். எந்த வருடத்தில் மழைக்காலம் சீக்கிரம் முடிந்து அடுத்தது தாமதமாக வந்ததோ, அதுதான் தொட்டியைச் சோதிக்கிற வருடம்.

உதாரணத்துக்கு அப்படி ஒரு வருடம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 70, ஆகஸ்ட் 90, செப்டம்பர் 80, அக்டோபர் 150, நவம்பர் 70, டிசம்பர் 5, ஜனவரியும் பிப்ரவரியும் ஒன்றுமே இல்லை, மார்ச் 5, ஏப்ரல் 10, மே 20, ஜூன் 40. மொத்தம் 540 மில்லிமீட்டர். அதே மாதிரி 64 ஆல் பெருக்கி 3,000 கழித்தால், டிசம்பரில் தொடங்குகிற குறை ஜூன் வரை நீள்கிறது, கூட்டுத்தொகை 15,880 லிட்டர். சராசரி வருடத்தில் 8,160 போதும் என்று வந்த அதே வீட்டுக்கு இப்போது கிட்டத்தட்ட 16,000 லிட்டர்.

அப்போது 16,000 கட்டிவிடலாமா? இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அதே வருடத்தில் ஜூலை முதல் நவம்பர் வரை செலவு போக மிஞ்சுகிற தண்ணீரைக் கூட்டிப் பாருங்கள், 14,440 லிட்டர்தான் வருகிறது. ஜூலையில் காலித் தொட்டியோடு தொடங்கினால், 16,000 லிட்டர் தொட்டி அந்த வருடம் நிறையவே நிறையாது. நவம்பர் கடைசியில் 14,440ல் நிற்கும், முந்தைய வருடத்து மிச்சம் எதுவும் இல்லையென்றால் கடைசியில் 1,440 லிட்டர், அதாவது இரண்டு வாரத் தண்ணீர், எப்படியும் குறையும். 540 மில்லிமீட்டரில் மாடி கொடுப்பது 34,560 லிட்டர், உங்கள் வருடச் செலவு 36,000. பற்றாக்குறை மாடியிலேயே இருக்கும்போது தொட்டியைப் பெரிதாக்கி அதைத் தீர்க்க முடியாது. ஆகவே எந்தத் தொட்டி அளவு வந்தாலும் இரண்டு பக்கமும் பாருங்கள். வறண்ட காலத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பது ஒரு பக்கம், அதற்கு முந்தைய மழைக்காலம் எவ்வளவு நிரப்பும் என்பது இன்னொரு பக்கம். இரண்டில் எது சிறியதோ அதற்கு மேல் கட்டுவது சிமென்ட்டுக்குச் செய்கிற செலவு.

என்னைக் கேட்டால் உங்கள் வீட்டுக்கு 10,000 லிட்டர் பயன்படும் அளவு கட்டி, கூடவே ஒரு பழக்கத்தையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். சராசரி வருடத்தில் 10,000 லிட்டரில் 8,160 செலவாகி ஏப்ரல் கடைசியிலும் 1,840 லிட்டர் மிச்சம் இருக்கும், நிம்மதி. மோசமான வருடத்தில் எதையும் மாற்றாமல் நாளைக்கு 100 லிட்டர் எடுத்துக்கொண்டே போனால் மார்ச் நடுவிலேயே தொட்டி தரை தட்டிவிடும், அதற்குப் பிறகு ஜூன் வரைக்கும் மொத்தமாகப் பார்த்தால் சுமார் 59 நாள் தண்ணீருக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும். ஆனால் ஜனவரி 1 அன்று தொட்டியை ஒரு கோல் விட்டு அளந்து பாருங்கள். சராசரி வருடம் என்றால் அன்றைக்கு அது நிறைந்திருக்கும். மோசமான வருடத்தில் டிசம்பர் மழை பொய்த்ததால் 7,320 லிட்டர்தான் இருக்கும். முக்கால் தொட்டிக்குக் கீழே இருக்கிறது என்று தெரிந்த அன்றே நாளைக்கு 60 லிட்டருக்கு இறங்கிவிட்டால், பாத்திரம் கழுவ வேறு தண்ணீர் எடுத்துக்கொண்டு மழைத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொண்டால், ஜனவரி கடைசியில் 5,520, பிப்ரவரியில் 3,720, மார்ச்சில் 2,240, ஏப்ரலில் 1,080, மே கடைசியில் 560. ஜூனில் மறுபடியும் ஏறத் தொடங்கிவிடும். தொட்டி வற்றவே இல்லை. இதே முடிவை ஒரு மாதம் தள்ளி பிப்ரவரியில் எடுத்திருந்தால் ஏப்ரல் கடைசியில் காலியாகியிருக்கும். எனவே அந்த ஜனவரி அளவை மட்டும் விட்டுவிடாதீர்கள். 6,000 லிட்டர் கூடுதல் தொட்டி செய்கிற வேலையை அந்தக் கோல் செய்கிறது.

அப்புறம் மாதக் கணக்கில் ஒரு குறை உண்டு. அது ஒரு மாத மழையை மொத்தமாகத் தொட்டியில் ஊற்றிவிட்டு மாதக் கடைசியில் செலவைக் கழிக்கிறது. நிஜத்தில் 160 மில்லிமீட்டரும் நவம்பர் முதல் வாரத்தில் மூன்றே நாளில் கொட்டி, தொட்டி நிறைந்து, மீதி வழிந்து போய்விடலாம். அதற்குப் பிறகு மாதம் முழுக்க எடுத்த தண்ணீருக்கு ஈடு வந்திருக்காது. மாதக் கணக்கு நவம்பர் கடைசியில் 10,000 என்று காட்டும், கோல் விட்டால் 7,500 தான் இருக்கும். பெரிய தொட்டிக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. தொட்டி ஒன்றிரண்டு மாதச் செலவுக்குள் அடங்குகிற அளவாக இருந்தால் மாதக் கணக்கை நம்பவே கூடாது, நாள் கணக்குதான் போட வேண்டும். நாள்வாரி மழை கையில் இருந்தால் இது பெரிய வேலையில்லை. ஒரு வரிக்கு ஒரு நாள் மழை என்று `rain.txt` கோப்பில் போட்டுவிட்டு இதை ஓட்டுங்கள்:

```python
rain = [float(x) for x in open("rain.txt")]
A, C, D, T = 80, 0.85, 100, 10000
S, dry = 0, 0
for r in rain:
    S = min(S + A * C * max(r - 1, 0), T)
    if S < D:
        dry += 1
    S = max(S - D, 0)
print(dry)
```

`A` மாடிப் பரப்பு, `C` கூரை இழப்புக்கான எண், `D` நாள் செலவு, `T` தொட்டி அளவு, `S` அன்றைக்குத் தொட்டியில் இருப்பது. முதலில் மழையைச் சேர்த்து, தொட்டிக்கு மேல் போவதை வழிய விட்டு, அப்புறம்தான் செலவைக் கழிக்கிறது. இந்த வரிசை கொஞ்சம் கடுமையானது, ஆனால் பாதுகாப்பானது. `r - 1` என்பது ஒவ்வொரு மழை நாளிலும் முதல் ஒரு மில்லிமீட்டர் மாடியை நனைக்கவும் அழுக்கைக் கழுவவும் போய்விடுகிறது என்பதற்காக. அதைத் தனியாகக் கழித்துவிட்டதால் 0.8க்குப் பதில் 0.85 வைத்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் கழித்தால் ஒரே இழப்பை இருமுறை எண்ணியதாகிவிடும். கடைசியில் வருகிற எண், அத்தனை வருடத்திலும் தொட்டி கைவிட்ட நாட்கள். `T` மதிப்பை 4,000, 6,000, 8,000, 10,000, 12,000 என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். முதலில் வறண்ட நாட்கள் மளமளவென்று குறையும், ஓர் இடத்துக்குப் பிறகு 2,000 லிட்டர் கூட்டினாலும் நாலைந்து நாள்தான் குறையும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

முதல் மழையைத் தள்ளிவிடுவது பற்றி ஒரு வார்த்தை. ஒரு மில்லிமீட்டர் என்றால் உங்கள் மாடிக்கு 80 லிட்டர். பலர் ஒரு மீட்டர் நீளத்துக்கு 110 மில்லிமீட்டர் குழாயைத் தொங்கவிட்டு, அடியில் மூடி போட்டு, இதுதான் முதல் மழைப் பிரிப்பான் என்று வைத்துவிடுகிறார்கள். அதில் 9 லிட்டர்கூடப் பிடிக்காது. 80 லிட்டர் பிடிக்கிற டிரம் ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள், அடியில் சொட்டுச் சொட்டாக வடிகிற மாதிரி ஒரு சின்னத் துளை இருக்கட்டும், அடுத்த மழைக்குள் தானாகக் காலியாகிவிடும்.

கட்டும்போது, கணக்கில் வந்த 10,000 லிட்டரும் எடுக்கக்கூடிய தண்ணீராக இருக்க வேண்டும். தொட்டியின் உள்ளளவு வேறு, எடுக்க முடிகிற அளவு வேறு. எடுக்கிற குழாய் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் படிகிற வண்டல் குடத்துக்கு வந்துவிடும். மேலே வழிந்தோடும் குழாய் மூடிக்கு 20 சென்டிமீட்டர் கீழே இருக்கும். ஆக அடியில் 15, மேலே 20 கணக்கில் வராது. உள்ளே 2.4 மீட்டருக்கு 2.4 மீட்டர் சதுரம், ஆழம் 2.1 மீட்டர் என்று கட்டினால் உள்ளளவு சுமார் 12,100 லிட்டர். எடுக்க முடிகிற உயரம் 1.75 மீட்டர், அது 10,080 லிட்டர். ரெடிமேட் தொட்டி வாங்கினாலும் இதேதான், 10,000 என்று எழுதியிருப்பதில் அத்தனையும் கைக்கு வராது. முடிந்தால் ஒரே தொட்டியாக இல்லாமல் இரண்டாகப் பிரித்து நடுவில் வால்வு வையுங்கள், ஒன்றைக் கழுவும்போது இன்னொன்றில் தண்ணீர் நிற்கும். சராசரி வருடத்தில் 20,000 லிட்டருக்கு மேல் வழிந்து போகும், அந்தக் குழாயைச் சுவரோரமாக விட்டுவிடாமல் அஸ்திவாரத்திலிருந்து தள்ளி ஓர் உறிஞ்சு குழிக்குக் கொண்டுபோங்கள்.

கட்டி முடித்த பிறகு, முதல் மழைக்காலத்திலேயே 64 என்ற அந்த எண் சரிதானா என்று சோதித்துவிடுங்கள். நேரான சுவர் உள்ள ஒரு டப்பாவை, வாயும் அடியும் ஒரே அகலமாக இருப்பதாகப் பார்த்து, மாடியில் எந்தச் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். மழைக்கு முன் தொட்டியின் நீர்மட்டத்தைக் கோல் விட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், மழை பெய்து முடியும்வரை தொட்டியிலிருந்து எடுக்காதீர்கள். டப்பாவில் 20 மில்லிமீட்டர் நின்றால் தொட்டிக்கு 1,280 லிட்டர் வந்திருக்க வேண்டும். 2.4 மீட்டர் சதுரத் தொட்டியில் அது 22 சென்டிமீட்டர் ஏற்றம். 20 முதல் 23 வரை ஏறியிருந்தால் உங்கள் கணக்கு சரி. 12 சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கிறது என்றால் 690 லிட்டர்தான் வந்திருக்கிறது, பாதித் தண்ணீர் வழியில் எங்கேயோ போகிறது. சின்ன மழைக்குச் சரியாக வந்து, கொட்டுகிற மழைக்கு மட்டும் குறைந்தால் குழாய் போதவில்லை, அல்லது வடிகட்டி அடைத்துக்கொண்டு தண்ணீர் வெளியே வழிகிறது என்று பொருள். குழாய்க்கு ஒரு சதுர மீட்டர் மாடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்பு என்பது எளிய அளவு, அப்படிப் பார்த்தால் உங்கள் 80 சதுர மீட்டருக்கு 110 மில்லிமீட்டர் குழாய் ஒன்று சரியாக இருக்கும். எல்லா மழைக்கும் ஒரே விகிதத்தில் குறைந்தால் வாட்டம்தான் காரணம், மாடியின் ஒரு பகுதி வேறு பக்கம் வடிகிறது, டார்ச்சோடு மேலே போய்ப் பார்க்க வேண்டியதுதான். மழையே இல்லாமல், தண்ணீரும் எடுக்காமல், இரண்டு நாளில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் அது கசிவு. இந்தத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது 58 லிட்டர். நாளைக்கு 29 லிட்டர் வீதம் கசிந்தால் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நான்கு மாதத்தில் கிட்டத்தட்ட 3,500 லிட்டர் மண்ணுக்குள் போய்விடும், சராசரி வருடத்தில் கைவசம் இருக்கும் என்று சொன்ன அந்த 1,840 லிட்டர் மிச்சமும் அதில் அடங்கிவிடும்.